கயத்தாறில் இறங்கியவன் எழுதுவது

டேய் பாலா,

ஆறு மாதமாகப் பதில் போடாதவன் திடீரென்று எழுதுகிறானே, கடன் கேட்கிறானோ என்று பயப்படாதே. வீட்டில் எல்லோரும் நலம், எனக்குத்தான் மானம் போய்விட்டது. செல்வி கல்யாணத்துக்குக் கோவில்பட்டி வருகிறேன் என்று கிளம்பியவன் கயத்தாறுப் பக்கம் போய் இறங்கினேன். கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊரில், விடிகாலை நாலு மணிக்கு, கையில் சீர்வரிசைக் குத்துவிளக்கோடு. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

கிளாம்பாக்கத்தில் ஏறும்போதே டிரைவரிடம், “அண்ணே, கோவில்பட்டி, எழுப்பி விட்டுருங்க” என்று சொன்னேன். அவரும் தலையாட்டினார். திருச்சி தாண்டி டீக்கு நிறுத்தியபோது அவர் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ள, இன்னொருத்தர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். என் கோவில்பட்டி பழைய டிரைவரோடு தூங்கப் போய்விட்டது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. கிளீனர் கோவில்பட்டியில் சத்தம் போட்டுத்தான் கூப்பிட்டானாம். மேல் பெர்த், இழுத்து மூடிய திரை, தலைக்கு மேல் ஏசி இரைச்சல், ஹாஸ்டலில் வார்டன் கதவை உடைத்தாலும் எழாத நான்.

அதற்காக முழுத் தூக்கம் என்றும் சொல்ல முடியாது. நடுவில் வண்டி தடதடவென்று வேகத்தடைகளில் ஏறி இறங்கியதும் விழித்துக்கொண்டேன். திரையை விலக்கினால் டோல்கேட், வெள்ளை வெளிச்சம், வரிசையாக லாரிகள். சாத்தூருக்கு முன்னால் வரும் எட்டூர்வட்டம் டோல்கேட்தான் இது, இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு நிதானமாக ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அது கோவில்பட்டியைத் தாண்டி வரும் சாலைப்புதூர் டோல்கேட்! ராத்திரியில் எல்லா டோல்கேட்டும் ஒரே முகம்தான். பெயர்ப் பலகையைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். நேரத்தை நம்பினேன், வண்டியோ முக்கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டது. போனைப் பார்க்கலாமென்றால் அதில் சார்ஜ் இல்லை.

இறக்கிவிட்ட இடத்தில் தெருவிளக்கு இல்லை. பஸ்ஸின் சிவப்பு விளக்கு மறைந்ததும் எந்தப் பக்கம் ஊர் என்றே தெரியவில்லை. எதிர்ப் பக்கம் போனால் வடக்கே போகும் வண்டி கிடைக்கும் என்று நடு மீடியனைத் தாண்டக் காலை வைத்துவிட்டேன். ஒரு லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனது, அந்தக் காற்றில் என் வேட்டி பறந்தது. அதற்கு மேல் தாண்டவில்லைடா. ரோட்டுக்கு அடியில் பாதை வரும்வரை ஓரமாகவே நடந்தேன். ஐந்து மணிக்கு மேல்தான் ஒரு ரூட் பஸ் வந்தது.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உன் அப்பா. அடுத்த மாதம் தனியாக அதே வண்டியில் வருகிறார் என்றாயே, அதுதான் உறுத்துகிறது. ஊர் அவருக்கு அத்துப்படி என்று நீ சொல்லுவாய். அவருக்குத் தெரிந்தது ஊருக்குள் வரும் பழைய ரோடு. இந்த வண்டிகள் நாலு வழிச்சாலையிலேயே நின்று இறக்கிவிட்டுப் போய்விடும், இருட்டில் அங்கே ஊர் என்று சொல்ல அடையாளமே கிடையாது.

கல்யாணம் முடிந்து இன்னொரு தரம் வந்தேன் அல்லவா, அப்போது ஒழுங்காகச் செய்தேன். டிக்கெட்டில் போட்டிருந்த இறங்குமிடத்தை முதல் நாளே வரைபடத்தில் குறித்து, அந்தப் பகுதியை டவுன்லோடும் பண்ணிக்கொண்டேன். சிக்னல் இல்லாவிட்டாலும் நீலப் புள்ளி வேலை செய்யும். ஆனால் திறந்தவுடன் நம்பாதே, பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும். ஜன்னல் ஓரம் ஒரு நிமிடம் பிடித்து, புள்ளி ரோட்டோடு நகர்கிறதா என்று பார்த்த பிறகுதான் கணக்கில் எடுக்க வேண்டும். விருதுநகர் தாண்டியதிலிருந்து விழித்திருந்தேன். சாத்தூரில் வைப்பாற்றுப் பாலத்தில் டயர் சத்தம் மாறியதும் எழுந்துவிட்டேன். அங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம், அந்த நேரத்தில் இருபது நிமிடம்கூட ஆகாது. பையை எடுத்துக்கொண்டு கேபினுக்கே போய், அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவரிடம், “அண்ணே, மேம்பாலம் ஏறிடாதீங்க, சர்வீஸ் ரோட்டுல இறக்குங்க” என்றேன். ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் அவர்கள் பாலத்தின் மேலேயே நிறுத்திவிடுவார்கள்.

அப்பாவால் போனில் புள்ளி பார்க்க முடியாது, தெரியும். டீக்கு நிறுத்திய பிறகு புது டிரைவரிடம் மறுபடி சொல்லச் சொல். கீழ் பெர்த் போடு. டிக்கெட்டை எனக்கு அனுப்பு, அவர் போன் இருக்குமிடத்தை எனக்கும் பகிர்ந்து வை. சாத்தூர் வந்ததும் நானே கூப்பிட்டு எழுப்பி, ரோட்டில் டார்ச்சோடு நிற்கிறேன்.

அப்புறம், கடலைமிட்டாய் ரெண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு கிலோதான் அப்பாவிடம் கொடுத்து அனுப்புவேன். சிரித்ததற்கு அபராதம்.

குமார்