சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

அன்புள்ள தேன்மொழி,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடையில் கூட்டமில்லை, மழை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்சுலின் பேனாவுக்குப் போடும் கார்ட்ரிட்ஜ் ஸ்டாக் இல்லை என்று நீ சொன்னதும் அந்த அம்மா கவுன்டரிலேயே அழுதுவிட்டார்கள் என்றாய். "வேற தர்றேன், ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்று சொன்னாயாம். உன் மேல் தப்பு இல்லை. ஆனால் அவர்களுக்குப் பயம் வந்ததே அந்த "ரெண்டும் ஒண்ணுதான்" என்ற வார்த்தையால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. டப்பா வேறு, நிறம் வேறு, போடும் விதம் வேறு. கண்ணுக்கு எதிரே இத்தனை வித்தியாசம் இருக்கும்போது ஒன்றுதான் என்றால் யார் நம்புவார்கள்? அதைவிட, இன்சுலினில் அந்த வார்த்தை பாதிதான் உண்மை. மீதிப் பாதியில் ஆளையே விழுத்தாட்டும் விஷயம் இருக்கிறது.

நம் கடைக்கு வரும் சத்துணவு அக்காவை உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் உனக்கு முட்டை எடுத்து வைப்பார்களே, அவர்கள்தான். மனித இன்சுலின் கார்ட்ரிட்ஜ்களைப் பெரிய கம்பெனி ஒன்று நிறுத்தப்போகிறது என்று செய்தி வந்து, ஸ்டாக்கிஸ்டிடம் வரத்து அறுந்துபோன சமயம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலி டப்பாவோடு வந்தார்கள். நாலு கடை ஏறி இறங்கிவிட்டு வந்திருக்கிறார்கள். "தம்பி, நீயும் இல்லைன்னு சொல்லிடாதே" என்றார்கள். கை நடுங்கியது. பயமா, சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று தெரியவில்லை. உட்காரவைத்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டிருந்தார்கள். சரி, பயம்தான்.

மருந்தைத் தேடுவதற்கு முன்னால், எத்தனை நாளைக்குக் கையில் இருக்கிறது என்று பார்த்தேன். அவர்களுக்குக் காலை 18 யூனிட், ராத்திரி 10 யூனிட். பேனாவில் ஒவ்வொரு தடவையும் ஊசி நுனியில் சொட்டு வருகிறதா என்று பார்க்க 2 யூனிட் வெளியே போகும். ஆக நாளைக்கு 32. முழு கார்ட்ரிட்ஜில் 300 யூனிட். அவர்கள் பேனாவில் பாதி இருந்தது, அதாவது நாலு நாளைக்குத் தாராளமாக வரும். "செவ்வாய்க்கிழமை வரைக்கும் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அதுக்குள்ள நான் ஏற்பாடு பண்றேன்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தில் அவர்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். இல்லை என்ற சொல்லைவிட, இன்று ராத்திரி என்ன ஆகும் என்பதுதான் அவர்களை ஆட்டிவைத்தது.

அப்புறம்தான் மாற்று. மூன்று வழி தெரிந்தது. ஒன்று, அதே மனித இன்சுலின், அதே 30/70 கலவை, ஆனால் 10 மில்லி பாட்டிலில். இரண்டாவது, வேறு கம்பெனியின் 30/70 கார்ட்ரிட்ஜ். அது அந்தக் கம்பெனியின் பேனாவில்தான் சரியாக உட்காரும், பழைய பேனாவில் அமுக்கித் திணித்தால் டோஸ் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அந்தப் பேனா நம் ஊரில் அந்த வாரம் யாரிடமும் இல்லை. மூன்றாவதுதான் வழுக்கல். பெட்டியில் அதே "30" என்ற எண் போட்ட, சீக்கிரம் வேலை செய்யும்படி மாற்றி அமைத்த அனலாக் இன்சுலின். எண்ணைப் பார்த்து அதை எடுத்துக் கொடுத்துவிட நிறையப் பேர் துணிவார்கள். அக்கா போட்டுக்கொண்டிருந்தது சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடுவது. அனலாக் சாப்பாடு தட்டில் வந்தபிறகு போடுவது. பழக்கத்தில் அதைப் போட்டுவிட்டு அரைமணி காத்திருந்தால் சோற்றுக்கு முன்னால் சர்க்கரை இறங்கிவிடும். அது நல்ல மருந்துதான், ஆனால் வேறு மருந்து.

எதைக் கொடுத்தாலும் நாமாகக் கொடுப்பதில்லை, உனக்குத் தெரியும். டாக்டருக்குப் போன் போட்டு ஒரு நிமிஷத்தில் சொன்னேன்: யார், என்ன டோஸ், எத்தனை நாள் கையிருப்பு, என்னென்ன கிடைக்கும். "என்ன டாக்டர் கொடுக்கிறது?" என்று மொட்டையாகக் கேட்டால் அவர்கள் அவசரத்தில் எதையாவது சொல்வார்கள். பாட்டில் போதும் என்றார், டோஸ் அதே 18, 10. மறுநாள் புதுச் சீட்டு வாங்கிவரச் சொன்னேன். அதில் பாட்டில் 40 என்றும், 40 சிரிஞ்ச் என்றும், அளவை யூனிட்டிலும் எழுதித்தரச் சொன்னேன். மில்லியில் எழுதினால் வம்பு.

இப்போது அந்தப் பாதி உண்மைக்கு வருகிறேன். பேனா கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். நம் நாட்டில் கடையில் விற்கும் இந்த இன்சுலின் பாட்டிலில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40. மருந்து ஒன்று, அடர்த்தி வேறு. அதனால் சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 18-வது கோடு வரை இழுத்தால் 0.45 மில்லி, அதில் 18 யூனிட். கணக்குச் சரி. அதே பாட்டிலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 18 வரை இழுத்தால் 0.18 மில்லிதான் வரும், உள்ளே போவது 7 யூனிட் சொச்சம். தலைகீழாக, பேனா கார்ட்ரிட்ஜில் மிச்சம் இருக்கிறதே என்று சிவப்பு சிரிஞ்சைக் குத்தி 18 வரை இழுத்தால் 45 யூனிட் ஏறிவிடும். அது ராத்திரியில் நடந்தால் விடியும்போது ஆளை எழுப்ப முடியாமல் போகலாம்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. கடை ஆரம்பித்த புதிதில் சிவப்பு மூடி சிரிஞ்ச் தீர்ந்துபோய், "இதுவும் இன்சுலின் சிரிஞ்ச்தான்" என்று ஆரஞ்சு மூடியை ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவருக்கு 20 யூனிட், போனது 8. சர்க்கரை 300-க்கு மேல் ஏறி, டாக்டர் டோஸைக் கூட்டும் யோசனைக்கு வந்துவிட்டார். கூட்டிய பிறகு யாராவது சரியான சிரிஞ்சைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? 400 யூனிட் பாட்டில், நாளைக்கு 20, இருபது நாளில் தீர வேண்டும். ஒரு மாதம் கழித்து வந்தும் "இன்னும் பாதி இருக்கே" என்றார். அப்போதுதான் சிரிஞ்சைக் கொண்டுவரச் சொன்னேன்.

சனிக்கிழமை அக்கா சீட்டோடு, மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பழைய டப்பாவையும் புதுப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மருமகளையே வாசிக்கச் சொன்னேன். மருந்துப் பெயர் ஒன்று, 30/70 ஒன்று. "இது பழைய காலத்து மருந்து தம்பி, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில சும்மா குடுக்கிறது" என்றார்கள் அக்கா. நிஜமான கவலை அதுதான், தரம் இறங்கிவிட்டதோ என்று. ஆமாம், அங்கே கொடுப்பதும் இதுதான், பேனாவில் இருந்ததும் இதுதான், நீங்கள் அதிகம் கொடுத்தது பேனா வசதிக்கு என்றேன். நம்பினார்களா தெரியவில்லை. கேட்டுக்கொண்டார்கள்.

"ஆனா ஒண்ணு மாறுது. அதை மட்டும் நல்லாக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சிரிஞ்சை எடுத்தேன். ஒரு டம்ளர் தண்ணீரில் 18 வரை இழுத்துக் காட்டினேன். பாதி சிரிஞ்ச் நிறையக் கண்டதும், "ஐயையோ, இவ்வளவா! பேனாவுல துளிதானே போகும்" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். இதை நான் கடையில் காட்டாமல் விட்டிருந்தால், வீட்டில் தனியாகப் பார்த்துப் பயந்து பாதியைக் கொட்டியிருப்பார்கள். கெட்டி டிகாஷன், தண்ணி டிகாஷன் கதையைச் சொன்னேன். முந்நூறு பிள்ளைக்குச் சமைத்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். அவர்களே செய்து காட்டட்டும் என்று விட்டேன். பாட்டிலை உள்ளங்கையில் வைத்து உருட்டி, பால்போல ஒரே சீராக வெள்ளையாகும் வரை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. முதலில் 18 அளவு காற்றை உள்ளே தள்ள வேண்டும், பிறகு மருந்தை இழுக்க வேண்டும், குமிழைத் தட்டி ஏற்ற வேண்டும். முதல் தடவை 16-லேயே நிறுத்தினார்கள். கண்ணாடி போடாமல் வந்திருக்கிறார்கள். ராத்திரி டோஸை மருமகள் இழுத்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. சிரிஞ்ச் ஊசி பேனா ஊசியைவிட நீளம், அதனால் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போடச் சொன்னேன். பேனாவில் மிச்சமிருப்பதைப் பேனாவிலேயே போட்டு முடித்துவிட்டுப் பாட்டிலைத் திறக்கச் சொன்னேன். ஒரு வாரத்துக்குக் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்து எழுதச் சொன்னேன். வியர்த்து, படபடத்து, கை நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால்மணியில் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். பெட்டியின் மேல் சிவப்புப் பேனாவில் பெரிதாகச் "சிவப்பு மூடி" என்று எழுதிக் கொடுத்தேன்.

உன் அம்மா, "ஒரு பாட்டிலுக்கு முக்கால் மணி நேரமா" என்று உள்ளேயிருந்து கேட்டாள். கேட்கத்தான் செய்வாள். உன் கவுன்டரில் அத்தனை நேரம் கிடைக்காது, தெரியும். அந்த அம்மாவை நாளைக்குப் போன் செய்து, கூட்டமில்லாத நேரத்தில் வரச்சொல். வீட்டில் பழைய சிரிஞ்ச் ஏதாவது கிடக்கிறதா என்று மறக்காமல் கேள்.

அவர்கள் போனதும் நான் காலண்டரில் ஒரு தேதியை வட்டமிட்டு வைத்தேன். நாளைக்கு 28 யூனிட் என்றால் 400 யூனிட் பதினாலு நாள். புதன்கிழமை பாட்டிலைத் திறப்போம் என்று மருமகள் சொன்னதை வைத்துப் போட்ட வட்டம். வட்டமிட்ட நாளுக்கு முதல்நாள் சாயங்காலம் காலிப் பாட்டிலைக் கவுன்டரில் டொக்கென்று வைத்து, "என்ன தம்பி, இது இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோச்சு? பேனா வந்தா முதல்ல எனக்குச் சொல்லு, இந்த வேலை நமக்குச் சரிப்படாது" என்று திட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டிலை எடுத்தேன்.

அன்புடன்,
அப்பா