‘அக்காலத்து வழக்கம்’ என்று எழுதும் முன்: பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வரலாற்றுப் பாடநூல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அடிமை முறையால் பயன்பெற்றவர்களைப் பற்றி எழுதும்போது, இன்றைய அளவுகோலால் அவர்களை அளக்கக் கூடாது என்று எச்சரிப்பது வழக்கமாக இருக்கிறது. அந்த எச்சரிக்கை, அக்காலத்தில் ஒரே அளவுகோல்தான் இருந்தது என்று எடுத்துக்கொள்கிறது. ஸ்பானியப் பாதிரியார் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸின் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

1502இல் கரீபியக் கடலிலுள்ள ஹிஸ்பானியோலா தீவுக்கு வந்த அவர், பழங்குடி மக்களைக் குடியேறிகளிடம் கட்டாய வேலைக்கு ஒப்படைக்கும் என்கோமியெண்டா முறையால் பயன்பெற்றார். 1511 டிசம்பரில் அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்ற டொமினிக்கன் துறவி, அத்தீவின் சாந்தோ டொமிங்கோ நகரில் குடியேறிகளின் முகத்துக்கு நேராக, இந்தப் பழங்குடி மக்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டார். தலைவர்கள் திரண்டு சென்று சொன்னதைத் திரும்பப் பெறச் சொல்லியும், அடுத்த ஞாயிறன்று அவர் அதையே மீண்டும் பேசினார். ஆகவே அன்றைக்குப் பிறகும் அந்த மக்களை வைத்து வேலை வாங்கியவர்கள்மீது நாம் சாட்டும் பழி, நம் காலத்திலிருந்து பின்னோக்கி எறியப்பட்டதன்று. அது அவர்கள் ஊரிலேயே, அவர்கள் மொழியிலேயே சொல்லப்பட்டது. 1514இல்தான் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைத் துறந்த லாஸ் காசாஸுக்கும் இது பொருந்தும். தவிர, வேலை வாங்கப்பட்டவர்களும் அக்காலத்து மனிதர்கள்தாமே. ‘அக்காலக் கருத்து’ என்று சொல்லும்போது அவர்களை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்?

அவருடைய இன்னொரு செயல் இவ்வளவு எளிதில் தீராது. பழங்குடிகளின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516இல் அவரே பரிந்துரைத்தார். ஆப்பிரிக்கர்கள் நியாயமான போரில் பிடிபட்டவர்கள் என்ற பொதுநம்பிக்கையை அவரும் ஆராயாமல் ஏற்றிருந்தார். அவர்களுக்காக ஒரு மொந்தேசினோஸ் அத்தீவில் எழுந்து பேசவும் இல்லை. போர்ச்சுகீசியர் அவர்களைப் பிடித்த விதத்தைப் பின்னாளில் அறிந்து மனம் வருந்திய அவர், அன்று ‘இந்தியாஸ்’ எனப்பட்ட அமெரிக்க நிலங்களைப் பற்றித் தாம் எழுதிய வரலாற்றில், தமது அறியாமை இறைவனின் தீர்ப்பில் தம்மைக் காப்பாற்றுமா என்பது உறுதியில்லை என்று குறித்தார். செயல் இரண்டு இடத்திலும் ஒரே அளவு கொடியது. மறுப்பைக் காதால் கேட்டும் தொடர்ந்தவரின் பழி கனமானது, கேட்க வாய்ப்பில்லாதவரின் பழி இலேசானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அறியாமை எவ்வளவு தூரம் சாக்காகும் என்பதில், நம்மைவிட அவரே தம்மிடம் கடுமையாக இருந்திருக்கிறார்.

இந்தப் பழி அவர்களுடைய சந்ததியினரைச் சேராது என்பதில் எனக்கு ஐயமில்லை. செய்தவரைவிட்டு அது நகர்வதில்லை. நான் கேட்பது இவ்வளவே: ‘அது அக்காலத்து வழக்கம்’ என்ற வரியை எழுதும் இடத்தில், அவ்வழக்கத்தை அன்றே எதிர்த்தவர் யார், அந்த எதிர்ப்பு இவர் செவிக்கு எட்டியதா, எட்டிய பின் இவர் என்ன செய்தார் என்பதையும் ஆண்டுடன் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வரலாறு படிக்கும் ஒரு வாசகர்