என் மகனின் விளையாட்டுக் கணக்கை என் பொறுப்புக்கு மாற்றித் தரக் கோரும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்
அனுப்புநர்: கணக்கு வைத்திருக்கும் சிறுவனின் தாய், மதுரை

பொருள்: தாய்மாமன் தொடங்கிக் கொடுத்த சிறுவர் கணக்கின் பாதுகாவலர் பொறுப்பைத் தாய்க்கு மாற்றக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

2021 தீபாவளிக்கு என் தம்பி உங்கள் நிறுவனத்தின் கன்சோலைச் சென்னையில் வாங்கி என் மகனுக்குக் கொடுத்தான். பையனுக்கு அப்போது எட்டு வயது. சிறுவர் கணக்கு தொடங்க ஒரு பெரியவரின் கணக்கு வேண்டும் என்று திரையில் வந்ததால், தம்பி தன் பெயரில் ஒன்று தொடங்கி, அதற்குக் கீழே பையனின் கணக்கைச் சேர்த்தான். அப்போதிலிருந்து உங்கள் ஏட்டில் எங்கள் குடும்பக் குழுவின் மேலாளர் அவன்தான்.

அவன் கொடுத்த மின்னஞ்சல் அப்போதைய அலுவலகத்தில் கொடுத்தது. கைப்பேசி எண்ணும் அலுவலக சிம். 2023-இல் அந்த வேலையை விட்டுவிட்டுக் கனடா போய்விட்டான். மின்னஞ்சலை அலுவலகம் மூடிவிட்டது, சிம்மும் திரும்பப் போய்விட்டது. பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால், “அக்கா, அன்னைக்கு ஒரு தடவை போட்டதுதான், சுத்தமா ஞாபகம் இல்லை” என்கிறான். அவன் சொல்வதை நான் நம்புகிறேன். பையனின் கணக்கு கன்சோலில் திறந்தபடியே இருந்ததால், அவன் தன் கணக்கை மறுபடி திறக்க வேண்டிய தேவையே வரவில்லை.

இப்போது பையனுக்கு வயது கூடியிருக்கிறது. பள்ளி நண்பர்களோடு இணையத்தில் சேர்ந்து விளையாட ஆசைப்படுகிறான். யாரைச் சேர்த்துக்கொள்ளலாம், எவ்வளவு நேரம் விளையாடலாம், குரல் உரையாடல் வேண்டுமா என்பதையெல்லாம் நான் பார்த்து முடிவு செய்யத் தயாராக இருக்கிறேன். ஆனால் அவன் “அனுமதி கேள்” என்பதை அழுத்தும்போதெல்லாம் அந்தக் கோரிக்கை மூடப்பட்ட அலுவலக மின்னஞ்சலுக்குப் போகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு மாமா வைத்த நேர வரம்பும் வயது வரம்பும் அப்படியே நிற்கின்றன.

“பாஸ்வேர்டு மறந்துவிட்டதா” வழியாகப் போனால் இரண்டே வாய்ப்புகள் வருகின்றன: அந்த மின்னஞ்சலுக்கு இணைப்பு, அல்லது அந்த எண்ணுக்கு ஓடிபி. இரண்டாவதுதான் எனக்குக் கவலை. நம் நாட்டில் துண்டிக்கப்பட்ட கைப்பேசி எண்ணை 90 நாள் கழிந்த பிறகு வேறொருவருக்குக் கொடுக்கலாம். எங்கள் விஷயத்தில் அதுதான் நடந்திருக்கிறது. அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தோம், எடுத்தவர் எங்களுக்கு யாரென்றே தெரியாதவர். அதாவது, என் மகனின் கணக்கை நிர்வகிக்கும் கணக்கின் ரகசியக் குறியீடு இன்று ஒரு அந்நியரின் கைப்பேசிக்குப் போகும் நிலையில் இருக்கிறது. இதை உங்கள் உதவி மையத்தில் சொன்னபோது, எண்ணை நீக்க வேண்டுமானால் மேலாளர் கணக்குக்குள் நுழைந்து நீக்குங்கள் என்றார்கள். உள்ளே நுழையத்தான் முடியவில்லை என்பதுதானே புகார்?

அப்புறம் உங்கள் ஊழியர் ஒருவர் இரண்டு யோசனைகள் சொன்னார். இரண்டையும் நான் ஏன் ஏற்கவில்லை என்பதை எழுதுகிறேன்.

முதல் யோசனை, கன்சோலை முழுதாக அழித்துப் புதிய கணக்கில் தொடங்குவது. டிஸ்க்கில் வாங்கிய விளையாட்டு எந்தக் கணக்கிலும் ஓடும், அது எனக்குத் தெரியும். ஆனால் பிறந்தநாட்களுக்கு வாங்கியவை எல்லாம் உங்கள் இணையக் கடையில் பதிவிறக்கமாக வாங்கியவை. அவை அந்தக் கணக்கோடு கட்டப்பட்டவை, புதிய கணக்குக்கு வராது. அவன் சேமித்து வைத்திருக்கும் ஆட்டங்களும் அப்படித்தான். மேகச் சேமிப்புக்கான சந்தா எங்களிடம் இல்லாததால் அவை கன்சோலுக்குள் மட்டுமே இருக்கின்றன, அழித்தால் போனது போனதுதான். பல வருடமாக அவன் கட்டிவந்த ஊர் ஒன்று அதற்குள் இருக்கிறது. அவனுடைய அப்பாவும் அவனும் சேர்ந்து கட்டியது. அதை அழிக்கச் சொல்வது எனக்குத் தீர்வாகத் தெரியவில்லை.

இரண்டாவது யோசனை இன்னும் மோசம். பையனுக்குப் பெரியவர் வயதைப் போட்டுத் தனிக் கணக்கு தொடங்கிவிடுங்கள், யாருடைய அனுமதியும் தேவைப்படாது என்றார். அப்படிச் செய்தால் முன்பின் தெரியாதவர்கள் அவனுக்குச் செய்தி அனுப்பலாம், பணம் செலவழிக்க வரம்பு இருக்காது, வயதுக்கு மீறிய விளையாட்டுகள் திறந்துகொள்ளும். சிறுவர்களைக் காக்க நீங்களே வைத்த வேலியைப் பொய்ப் பிறந்த தேதி போட்டுத் தாண்டச் சொல்கிறார் உங்கள் ஊழியர். இந்த ஆலோசனை வேறு பெற்றோருக்கும் போகிறதா என்று தயவுசெய்து விசாரியுங்கள்.

உங்கள் தரப்பு தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. கதை சொல்லிக் கணக்கைத் திருடுபவர்கள் இருக்கிறார்கள், அதனால் என் வாய்வார்த்தையை நம்பிக் கொடுக்க வேண்டாம். ஆனால் திருடனிடம் இருக்க முடியாத சான்றுகள் எங்களிடம் இருக்கின்றன. கன்சோல் எங்கள் வீட்டில் இருக்கிறது, அதன் பின்புறத்தில் சீரியல் எண் இருக்கிறது. அதே எண் அச்சான கடை ரசீது தம்பியின் பெயரில் இருக்கிறது. முதல் விளையாட்டை வாங்கியபோது அவனுடைய வங்கிக் கணக்கிலிருந்து பணம் போன பதிவு இருக்கிறது, அதன் பரிவர்த்தனை எண்ணை உங்கள் கடைப் பதிவோடு ஒப்பிடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பையனின் கணக்கு இந்தக் கன்சோலில் இன்றும் திறந்தே இருக்கிறது. நீங்கள் அந்தத் திரைக்கு ஒரு குறியீடு அனுப்பினால் நான் படித்துச் சொல்கிறேன். தம்பியும் கனடாவிலிருந்து காணொளி அழைப்பில் பாஸ்போர்ட்டோடு வரத் தயார். இவற்றில் ஒன்றைக்கூட உதவி மையத்தில் யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. எங்கள் விஷயத்தில் ஒப்புதல் கொடுத்தவர் மாமா. பெற்றோர் நாங்கள் உயிரோடு, ஒரே வீட்டில், பிள்ளையோடு இருக்கிறோம். அவனுடைய கணக்கில் எங்கள் பெயர் எங்கும் இல்லை.

எனவே நான் கேட்பது இவைதான். மேலே சொன்ன சான்றுகளைச் சரிபார்த்து, பாதுகாவலர் பொறுப்பை என் கணக்குக்கு மாற்றுங்கள். பையனின் கணக்கு, வாங்கியவை, சேமித்தவை எதுவும் மாறக் கூடாது. சரிபார்ப்புக்கு நாள் பிடிக்கும் என்றால் சரி, காத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பழைய கைப்பேசி எண்ணுக்கு ஓடிபி போவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். அதற்கு எந்த ஆவணமும் தேவையில்லை.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, புகார் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அந்தக் காலத்துக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன்.

ரசீது, சீரியல் எண்ணின் படம், வங்கிப் பதிவு, மகனின் பிறப்புச் சான்றிதழ், தம்பியின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். தம்பியோடு காணொளியில் பேச வேண்டுமானால் நம் நேரப்படி மாலை ஆறரைக்குப் பிறகு அழையுங்கள், அங்கே அப்போதுதான் காலை.

இப்படிக்கு,
சிறுவனின் தாய்