அடுக்குமாடிச் சங்கச் செயலாளர்களுக்கு: படிக்கட்டில் இருக்கும் அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்களுக்கு வணக்கம்.

வேளச்சேரி, பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் வீடுகளுக்கு இன்டர்நெட் லைன் இழுப்பது என் தொழில். வீடு பார்க்க வருகிறவர்கள் உங்களிடம் "நெட் வருமா சார்?" என்று கேட்கிறார்கள். "ஃபைபர் இருக்கு" என்கிறீர்கள். அட்வான்ஸ் கொடுத்துக் குடிவந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ஃபைபர் எதுவரை வருகிறது என்பதை யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

சில கட்டடங்களில் ஃபைபர் வீட்டுக்குள் இருக்கும் மோடம் வரைக்கும் வருகிறது. வேறு பல கட்டடங்களில் படிக்கட்டுப் பக்கமோ மொட்டை மாடியிலோ இருக்கும் ஒரு பெட்டியோடு நின்றுவிடுகிறது. அதற்குள் ஒரே லைனைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போவது சாதாரண லேன் கேபிள். கேபிளும் ஸ்விட்சும் நன்றாக இருந்தால் இதில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் பழைய கட்டடங்களில் வருகிறது.

அடிக்கடி பார்க்கும் ஒரு நிலைமையைச் சொல்கிறேன். நான்காவது மாடி வீடு, 300 எம்பிபிஎஸ் பிளான். எத்தனை முறை ஸ்பீடு டெஸ்ட் போட்டாலும் 94, 95க்கு மேல் ஏறவில்லை. காலையிலும் அதே எண், இரவிலும் அதே எண். நெரிசலால் வேகம் குறைந்தால் எண் ஏறி இறங்கும். இப்படி ஒரே இடத்தில் நிற்காது. 95 பக்கம் நின்றால், வழியில் ஏதோ ஒன்று 100 எம்பிபிஎஸ்ஸில்தான் பேசுகிறது என்று அர்த்தம். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100க்கு நான்கு போதும், 1000க்கு எட்டும் வேண்டும். கேபிள் முனையில் நான்கை மட்டும் இணைத்திருந்தாலும், மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும், பெட்டியில் இருப்பது பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்சாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். பிளானை மாற்றிப் பயனில்லை.

இதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். 1000 எம்பிபிஎஸ் லேன் போர்ட் உள்ள லேப்டாப்பை வீட்டுக்குள் வரும் கேபிளில் நேராகச் செருகி, விண்டோஸ் பவர்ஷெல்லில் இதை அடித்தால் போதும்:

```
Get-NetAdapter
```

`LinkSpeed` என்ற இடத்தில் `1 Gbps` வந்தால் சரி. `100 Mbps` வந்தால், நெட் நிறுவனத்தின் டெக்னீஷியனை வைத்துக்கொண்டு பெட்டியில் இருக்கும் ஸ்விட்சிலேயே ஒரு சிறு கேபிளால் செருகிப் பார்க்க வேண்டும். அங்கே `1 Gbps` வந்தால் கோளாறு மாடிக்குப் போகும் கேபிளில். அங்கேயும் 100 என்றால் ஸ்விட்ச்சை மாற்ற வேண்டும். போனில் வைஃபை வழியாகப் போடும் டெஸ்ட் இதைப் பிரித்துச் சொல்லாது. சுவர் தடுப்பதா, கேபிள் தடுப்பதா என்று தெரியாமலே போய்விடும்.

ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வந்தால் சோதனை வேறு. மோடத்தில் `PON` விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். `LOS` சிவப்பாக மின்னினால் ஃபைபர் வழியாக ஒளி வரவில்லை. டெக்னீஷியனின் பவர் மீட்டர் ஒளியின் அளவை மைனஸ் 15க்கும் மைனஸ் 25 dBmக்கும் நடுவில் காட்டினால் நல்லது. மைனஸ் 27ஐயும் தாண்டிக் கீழே போனால் லைன் அடிக்கடி அறுபடும். எங்கோ ஃபைபர் மடங்கியிருக்கும், அல்லது இணைப்பில் அழுக்கு இருக்கும்.

அடுத்தது கரண்ட். மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாளில், வீட்டில் இன்வர்ட்டர் ஓடும், மோடம் எரியும், ஆனால் நெட் இருக்காது. பெட்டியில் உள்ள ஸ்விட்சுக்குக் கரண்ட் வேண்டும். அதன் பிளக் ஜெனரேட்டர் லைனில் இல்லை. எனவே அந்தப் பிளக் எங்கே போகிறது என்று பார்க்க விடுங்கள். பெட்டி பார்க்கிங் தரையோடு ஒட்டியிருந்தால் இடுப்புக்கு மேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த ஊர் நம்முடையது.

ஒரே நிறுவனத்துக்கு மட்டும் கேபிள் இழுக்கும் குழாய் வழியைத் திறந்துவிடும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். வேறு லைன் இழுக்க வந்தால் "சங்கம் அனுமதிக்காது" என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்புகிறார். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு ஒரு லைன் படுத்தால் இன்னொன்று வேண்டும். நிறுவனத்தின் இணையதளம் பின்கோடை வைத்து "கிடைக்கும்" என்று சொல்லிவிடும். உங்கள் கட்டடத்துக்குள் வர முடியுமா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். வீடு பார்க்க வருகிறவரை இரவு ஒன்பது மணிக்கு மேல், எல்லாரும் வீடியோ பார்க்கும் நேரத்தில், அதே தளத்தில் சம்மதிக்கும் ஒருவர் வீட்டில் அரை மணி நேரம் டெஸ்ட் போட விடுங்கள். எந்தெந்த நிறுவனத்தின் லைன் உள்ளே வந்திருக்கிறது, ஃபைபர் எதுவரை வருகிறது, பெட்டி எந்தக் கரண்டில் ஓடுகிறது, சுவரில் துளை போடலாமா, அதற்குச் சங்கம் எவ்வளவு வாங்குகிறது என்று ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எழுதத் தெரியாத விவரம் இருந்தால் லைன் பார்க்க வரும் டெக்னீஷியனைக் கேளுங்கள், சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் படிக்கட்டில் ஏணி போட்டு வேலை பார்க்கும் ஒருவன்