நோவுக் குளிசையும் வயிற்றெரிவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

பல் வீக்கத்துக்கு மருந்தெடுத்த எழுபது வயதான என் பெரியம்மா, மூன்றாம் நாளே தனக்குப் பிரியமான புட்டைக்கூடத் தள்ளி வைத்துவிட்டார். நெஞ்சுக்குழி எரிகிறது என்றும், எதை வாயில் வைத்தாலும் இரும்பு நக்கியதுபோல் இருக்கிறது என்றும் சொன்னார். 'மருந்துச் சூடு' என்று வீட்டார் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினர். ஓய்வுபெற்ற மருந்தாளரான எனக்கு அவை வெவ்வேறு குளிசைகளின் வேலை என்று தெரிந்தது.

எரிவுக்குக் காரணம் நோவுக்கு எழுதப்பட்ட டைக்ளோபினாக். நோவையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதை அது தடுக்கிறது. ஆனால், இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சளிப்படலம் சுரப்பதற்கும், அச்சுவருக்குப் போதிய இரத்தம் ஓடுவதற்கும் அதே பொருள்தான் வேண்டும். குளிசை இரத்தத்தில் கலந்தபின் இந்தக் காவல் தளர்ந்துவிடுவதால், சாப்பிட்டபின் விழுங்குவது உடனடிக் குமட்டலைக் குறைக்குமே தவிர, புண் வராமல் தடுக்காது. ஊசியாகவோ மலவாசலில் வைக்கும் மருந்தாகவோ எடுத்தாலும் இதே கதைதான். பெரியம்மா இதய வருத்தத்துக்காக நாள்தோறும் அஸ்பிரினும் எடுப்பவர். இரண்டும் சேரும்போது இரத்தக் கசிவுக்கான ஆபத்து கூடும். அதைப் பல் வைத்தியரிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரும்புச் சுவையைத் தந்தது கிருமிகளுக்கான மெற்றோனிடசோல். அது உமிழ்நீரிலும் கலந்து வருவதால் வாயைக் கொப்பளித்தாலும் சுவை போகாது, பசியும் மந்தமாகும். கூடக் கொடுத்த அமொக்சிசிலின் குடலில் வாழும் நல்ல பற்றீரியாக்களையும் அழிப்பதால் சிலருக்கு வயிறு இளகும். பெரியம்மாவுக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

வைத்தியரிடம் திரும்பிப் போனபோது அவர் டைக்ளோபினாக்கை நிறுத்தி, இரைப்பைக் காவலைப் பெரிதாகக் குலைக்காத பரசிற்றமோலை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொன்னார். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னதாக, அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலையும் சேர்த்தார். கிருமி மருந்துகளை மட்டும் இடையில் விடாமல் முடிக்கச் சொன்னார். இரண்டொரு நாளில் எரிவு தணிந்தது. இரும்புச் சுவையோ மெற்றோனிடசோல் முடியும்வரை இருந்து, அதன்பின் தானாகவே போனது. அதுவரை சிறிது சிறிதாகக் கொடுத்த கஞ்சிதான் அவரைத் தாங்கியது.

எரிவு இல்லையென்றால் புண்ணும் இல்லை என்று இருந்துவிடக் கூடாது. நோவுக் குளிசை புண்ணின் நோவையும் மறைத்துவிடுவதால், முதியவர்களுக்கு முதல் அடையாளமாகத் தார்போல் ஒட்டும், கடும் நாற்றமுள்ள கறுப்பு மலமே வெளிப்படலாம். இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்றாலும், அப்படியிருக்கும் என்று தாமே முடிவெடுக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்தாளர்,
கொக்குவில்.