வராத நாளின் பங்கு யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டட வேலைக் கூலியில் பாதியை மேசனே எடுத்துக்கொள்கிறார் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் பதினொரு வருடமாகக் கையாள் வேலை செய்கிறேன். எங்கள் செட்டின் கணக்குக் கொப்பியும் என்னிடம்தான் இருக்கிறது. மேசன் என் சொந்த மாமா. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் செட்டில் மேசனுக்கு 4 பங்கு, கையாளுக்கு 3, கூலியாளுக்கு 2. கூலியாட்கள் இரண்டு பேர் என்பதால் ஒரு நாளைக்கு மொத்தம் 11 பங்கு. நாளுக்கு 11,000 ரூபாய் என்று பேசினால் ஒரு பங்கு 1,000 ரூபாய். மாமாவின் 4 பங்கில் எனக்குக் குறையில்லை. மூலைக்கல்லை அவர்தான் ஏற்றுவார். இரண்டு மூலைக்கும் நடுவே கட்டிய நூலைப் பார்த்துக் கல் வைப்பவன் நான். ஒருமுறை தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தபோது சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. அரை நாள் கட்டியதை இடித்தோம். எங்கள் மூன்று பேருக்கும் அந்த அரை நாள் கூலியை மாமா தன் காசில்தான் தந்தார்.

சிக்கல் கொந்தராத்து வேலையில்தான் வருகிறது. அண்மையில் ஆறு நாள் வேலையை 66,000 ரூபாய்க்குப் பேசினோம். ஒரு கூலியாள் இரண்டு நாள் வரவில்லை. வேலை நின்றதா? இல்லை. மற்றக் கூலியாள் தனி ஆளாகக் கலவை குழைத்து, கல்லும் தூக்கி, ஆறாம் நாளே முடித்துக் கொடுத்தோம். 66,000 ரூபாயில் ஒரு சதமும் குறையவில்லை.

வழக்கப்படி, வந்த நாட்களைப் பங்கால் பெருக்கிக் கூட்டினேன். 66 பங்கு இருக்கவேண்டிய இடத்தில் 62 வந்தது. ஒரு பங்கின் விலை 1,000இலிருந்து ஏறத்தாழ 1,065 ரூபாய் ஆகிவிட்டது. அதாவது வராதவர் விட்ட 4,000 ரூபாய் எல்லோருக்கும் பிரிந்தது. மாமாவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது 1,548 ரூபாய், எனக்கு 1,161. அந்த இரண்டு நாளும் இரட்டைச் சுமை தூக்கியவருக்கு 774 ரூபாய்தான். வராதவருக்குக்கூட, வந்த நான்கு நாளின் பெயரில் 516 ரூபாய் கூடியிருந்தது! கணக்கில் பிழையில்லை, இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். ஆனால் இது நியாயமா?

4:3:2 என்பது கைவேலைக்குப் போட்ட விலை. சுமைக்கு அதில் இடமில்லை. இப்போது எங்கள் கொப்பியில், வராதவரின் பங்கு அவருடைய வேலையைச் செய்தவருக்குத்தான் போகும். அவர் இன்னொருவரோடு சேர்ந்து செய்திருந்தால் இருவருக்கும் சமமாக. பொதுப் பணத்தில் அது சேராது. மாமா கொஞ்சம் முகத்தைச் சுளித்தார், அப்புறம் "சரி, எழுதிக்கொள்" என்றார்.

மலையில் வீடு கட்டும்போது இன்னொரு சங்கடமும் உண்டு. லொறி தார் ரோட்டில் மணலைக் கொட்டிவிட்டுப் போய்விடும். எங்கள் கடைசி வேலை 140 படிக்கு மேலே. ஒரு கியூப் மணலைப் பாதி மூட்டைகளாகக் கட்டினால் ஏறக்குறைய 180 மூட்டை. அதை ஏற்றும் நாளில் மேசனுக்கு நூல் கட்டி அளவு பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. பழைய முறைப்படி என்றால் அன்றைக்கும் அவருக்கு 4,000, முதுகு ஒடியச் சுமந்தவருக்கு 2,000.

இந்த முறை சுமப்பதைத் தனியாகப் பேசினோம். மூட்டைக்கு 50 ரூபாய். நானும் இரண்டு கூலியாட்களும் ஆளுக்கு 60 மூட்டை ஏற்றி 3,000 ரூபாய் எடுத்தோம். மாமா அன்று வேறு இடத்தில் பூச்சு வேலைக்குப் போனார். ஒரு நாள் கூலி 11,000 கொடுக்கவேண்டிய வீட்டுக்காரருக்கு 9,000த்தோடு முடிந்தது. ஒன்றைமட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்: ஒரு மூட்டைக்கு எத்தனை வாளி மணல் என்பது. நாங்கள் பேசாமல் விட்டதால், பத்து மணிக்கெல்லாம் மூட்டைகள் மெலியத் தொடங்கிவிட்டன. நான் கட்டியதும் அதில் அடக்கம்.

அந்த வாசகர் சொன்ன பாதிக்கணக்கு எங்கள் செட்டில் வராது. 11 பங்கில் மேசனுக்கு 4 என்றால் மூன்றில் ஒன்றைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ஆனால் கையாள் இல்லாமல் ஒரு மேசனும் இரண்டு கூலியாட்களும் மட்டும் இருந்தால் 8 பங்கில் 4, சரியாகப் பாதி. அப்படிப்பட்ட செட்டில் நடுக்கல் வைக்கும் வேலையைக் கூலியாள் ஒருவர்தான் 2 பங்குக்குச் செய்துகொண்டிருப்பார். அந்த வாசகர் பார்த்த இடத்தில் கையாள் இருந்தாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கையாள்,
ஹட்டன்.