அப்பாவும் அம்மாவும் இடம் மாறும் வரி: தமிழ் எழுதுகருவி உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் விசைப்பலகைகளையும் உரைத்திருத்திகளையும் உருவாக்கித் தரும் நண்பர்களுக்கு வணக்கம்.

எபிரேய, அரபுச் சொற்களை எழுதி, பக்கத்திலேயே தமிழில் உச்சரிப்பும் பொருளும் தரும் சொற்பட்டியல்களைத் தொகுத்து வருகிறேன். உங்கள் கருவிகளில்தான் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறேன். அதில் என்னை விடாமல் துரத்தும் ஒரு சிக்கலை ஒரே வரியை வைத்துச் சொல்லிவிடலாம்.

```
எபிரேயத்தில் אב, אם என்பன முறையே அப்பா, அம்மா.
```

நான் முதலில் அடித்தது அப்பாவைக் குறிக்கும் ‘ஆவ்’. பிறகு காற்புள்ளி, இடைவெளி, அப்புறம் அம்மாவைக் குறிக்கும் ‘ஏம்’. ஆனால் திரையில் இடப்பக்கம் நிற்பது ஏம், வலப்பக்கம் நிற்பது ஆவ். எபிரேயம் படிக்கத் தெரிந்தவர் வலமிருந்து இடமாகச் சரியாகவே படித்துவிடுவார். இப்போதுதான் எழுத்துகளைப் பழகுகிற தமிழ் வாசகரோ ‘முறையே’ என்ற சொல்லை நம்பி, இடமிருந்து முதலில் தெரிவதை அப்பா என்று மனப்பாடம் செய்துகொள்வார். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாமலே பாடம் தலைகீழாகிவிடுகிறது.

காரணம் அந்தக் காற்புள்ளி. யூனிகோடின் இருதிசை நெறிமுறையில் தமிழ் எழுத்து என்றால் இடமிருந்து வலம், எபிரேய, அரபு எழுத்து என்றால் வலமிருந்து இடம். காற்புள்ளிக்கும் இடைவெளிக்கும் சொந்தத் திசை கிடையாது, அக்கம்பக்கத்தைப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் எபிரேயம் இருந்தால் அவையும் எபிரேயத்தோடு சேர்ந்துவிடும். ஆக, இரண்டு தனிச்சொற்கள் என்று நாம் நினைத்தது கணினிக்கு வலமிருந்து இடமாக ஓடும் ஒரே தொடர். காற்புள்ளி அடிப்பதற்கு முன் தமிழ் விசைப்பலகைக்கு மாறினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் செய்தேன். பயனில்லை. எபிரேயப் பலகையிலிருந்து அடித்தாலும் தமிழ்ப் பலகையிலிருந்து அடித்தாலும் உள்ளே பதிவாவது அதே `U+002C`தான், அது எந்த மொழிக்கும் சொந்தமில்லை.

இதைவிடக் கெடுதலானது, கண்ணுக்குச் சரியாகத் தெரியும்படி திருத்துவது. என் பட்டியலை மெய்ப்புப் பார்த்த ஒருவர் இடம் மாறித் தெரிந்த சொற்களை வெட்டி, மாற்றி ஒட்டிவிட்டார். திரையில் ஆவ் இடப்பக்கம் வந்துவிட்டது. பக்க அகலத்தைக் குறைத்தபோது இரு சொற்களுக்கும் நடுவில் வரி முறிந்தது. உடனே ஏம் மேல் வரியிலும் ஆவ் கீழ் வரியிலும் போய் நின்றன, ஏனென்றால் கோப்பில் இப்போது ஏம்தான் முதல் சொல். பட்டியலை அட்டவணையாகப் பிரித்தபோது அம்மாவுக்கு நேரே ஆவ் வந்தது. அப்படி எத்தனை வரிகள் மாற்றப்பட்டன என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஒவ்வொரு வரியிலும் சுட்டியை வைத்து, அம்புக்குறி விசையை ஒவ்வொன்றாக அழுத்தி, அது எந்தச் சொல்லுக்குள் முதலில் நுழைகிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

எண்கள் சேர்ந்தால் நிலைமை இன்னும் நுட்பமாகிறது. எபிரேயச் சொல்லையடுத்து `23:1-3` என்று அதிகார, வசன எண் எழுதினால், அது சொல்லுக்கு இடப்பக்கம் தாவினாலும் எண்ணுக்குள் வரிசை குலையாது. அதே வேலையை அரபில் செய்து பாருங்கள்.

```
குர்ஆனில் البقرة 2:1-5 என்ற பகுதி
```

அல்பகரா என்ற பெயருக்கு இடப்பக்கத்தில் `5-2:1` என்று தெரியும். அரபு எழுத்துக்குப் பின்னால் வரும் எண்களை நெறிமுறை அரபு எண்களாகவே நடத்துகிறது. அப்போது முக்காற்புள்ளி எண்களைச் சேர்த்துப் பிடிக்கும், சிறுகோடு பிடிக்காது. எபிரேயத்தில் சோதித்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று வெளியிடும் கருவி அரபில் இப்படித்தான் வழுக்குகிறது.

தீர்வு 2013-இலேயே வந்துவிட்டது. யூனிகோடு 6.3-இல் சேர்ந்த `U+2067` என்ற குறியைச் சொல்லுக்கு முன்னும் `U+2069` என்ற குறியைப் பின்னும் வைத்தால், அந்தச் சொல்லைச் சுற்றி வேலி போட்ட மாதிரி. உள்ளே வலமிருந்து இடமாக ஓடும், வெளியே இருக்கும் காற்புள்ளியையும் எண்ணையும் தொடாது. ஆவ், ஏம் இரண்டுக்கும் தனித்தனியாக வேலி போட்டால் அடித்த வரிசையிலேயே நிற்கின்றன. அல்பகராவுக்கு மட்டும் போட்டால் `2:1-5` தமிழ் வரியின் எண்ணாக ஒழுங்காக வலப்பக்கம் வருகிறது. வரியே எபிரேயச் சொல்லில் தொடங்கும்போது சில திருத்திகள் முதல் எழுத்தைப் பார்த்துப் பத்தி முழுவதையும் வலமிருந்து இடமாகத் திருப்பிவிடும். வேலிக்குள் இருப்பதை அந்தக் கணிப்பு தாண்டிப் போய்விடுவதால் அதுவும் நின்றுவிடுகிறது. இணையப் பக்கம் என்றால் இதே வேலையை `bdi` செய்யும்:

```html
<bdi>אב</bdi>, <bdi>אם</bdi> என்பன முறையே அப்பா, அம்மா.
```

இரண்டு சொற்களுக்கும் நடுவே, காற்புள்ளியை ஒட்டி `U+200E` குறி ஒன்றைச் செருகினாலும் இந்த வரி சரியாகும். ஆனால் அது அந்த ஓர் இடத்துக்கு மட்டும் போட்ட முட்டு. சொல்லை வெட்டி வேறு வரியில் ஒட்டினால் முட்டு அங்கேயே நின்றுவிடும். வேலி சொல்லோடு போகும் என்பதால் எனக்கு வேலிதான் பிடித்தது.

சரி, தீர்வு இருக்கிறதே, உங்களிடம் ஏன் வருகிறேன்? அதை அடிக்க விசை இல்லை என்பதால். `amma` என்று அடித்தால் அம்மா வரும் உங்கள் பலகையில், தேர்ந்தெடுத்த சொல்லைச் சுற்றி இரண்டு குறிகளையும் ஒரேயடியாக இடும் விசைக்கூட்டு ஒன்று தாருங்கள். ஒரேயடியாக என்பது முக்கியம். மூடும் குறி விடுபட்டால் பத்தி முடியும்வரை வேலி நீளும், பின்னால் வரும் தமிழ் எபிரேயச் சொல்லுக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது, ‘தேவையற்ற குறிகளை நீக்கு’ என்று உங்கள் கருவிகள் செய்யும் சுத்தம். ஒட்டும்போதும் சேமிக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத குறிகளை எல்லாம் மொத்தமாகத் துடைக்கும் திருத்திகளைப் பார்த்திருக்கிறேன். ரிக்‌ஷா என்ற சொல்லில் க் தனியாகவும் ஷா தனியாகவும் நிற்க நாம் நடுவில் இடும் `U+200C` குறியும் அந்த வகைதான். நம் மொழிக்கென்று அதை விட்டுவைக்கத் தெரிந்தவர்களுக்கு இதுவும் புரியும். திசைக் குறிகளை வைத்து நிரல்களில் வரிசையை மறைத்து ஏமாற்ற முடியும் என்று 2021-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள், அது உண்மை. நிரல் திருத்தியில் எச்சரிக்கை காட்டுங்கள், பயனர்பெயரில் தடை செய்யுங்கள். உரைநடையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேட்டால் இந்தக் குறிகளைக் காட்டும் பார்வை ஒன்றும் வேண்டும். இப்போது பின்னழி விசையை அழுத்தினால் எதுவும் அழியாததுபோல் தெரிகிறது. உண்மையில் ஒரு வேலிக் குறி போயிருக்கும். நாலு வரி தள்ளி வந்த பிறகுதான் சொற்கள் இடம் மாறியிருப்பதைக் கவனிக்கிறோம்.

அடுத்த பதிப்பை வெளியிடும் முன் மேலே தந்த இரண்டு வரிகளையும் உங்கள் கருவியில் அடித்து, வேலி போட்டு, சேமித்து, மூடித் திறந்து, வேறொரு கோப்பில் ஒட்டிப் பாருங்கள். பக்க அகலத்தைக் குறைத்து வரி முறியும்போதும் பாருங்கள். அப்போதும் ஆவ் அப்பாவாகவும் `2:1-5` அப்படியேயும் இருந்தால், என் பட்டியலில் மிச்சமிருக்கும் சொற்களை உங்கள் கருவியிலேயே முடித்துவிடுவேன்.

அன்புடன்,
ஒரு சொற்பட்டியல் தொகுப்பாளன்